வெந்நீர் முதலில் உறையுமா? ம்பெம்பா கேட்ட கேள்வியும் ஆஸ்போர்ன் செய்த சோதனையும்

“ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் கேட்ட ஒரே கேள்வியில் பெரிய இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார், வெந்நீர்தான் சீக்கிரம் உறையும் என்று ஒப்புக்கொண்டார் என்று படித்தேன். இது உண்மையில் நடந்ததா? வீட்டில் செய்து பார்த்தேன், எனக்குப் பச்சைத்தண்ணீர்தான் முதலில் உறைந்தது.”

நடந்தது உண்மை. கேட்டவர், பதில் சொன்னவர் இருவருமே தங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் “வெந்நீர்தான் சீக்கிரம் உறையும் என்று ஒப்புக்கொண்டார்” என்ற பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் முதலில் உறைந்ததில் ஆச்சரியமும் இல்லை. பெரும்பாலான சமயம் அதுதான் நடக்கும். நான் கல்லூரியில் பல வருடம் வெப்பவியல் பாடம் எடுத்தவன், ஆய்வகமும் பார்த்துக்கொண்டவன். அந்தப் பழக்கத்தில், எது உறுதி, எது இன்னும் இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கதை. 1963, டாங்கனிகா நாடு (அடுத்த வருடம்தான் அதற்கு டான்சானியா என்று பெயர் வந்தது). மகம்பா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் எரஸ்டோ ம்பெம்பா படித்துக்கொண்டிருந்தார். அங்கே பையன்கள் ஐஸ்கிரீம் செய்வார்கள். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் இடம் கொஞ்சம்தான், போட்டி அதிகம். ஒருநாள் இன்னொரு பையன் இடம் போய்விடும் என்று பாலைக் காய்ச்சாமலேயே சர்க்கரை கலந்து தட்டில் ஊற்றி வைத்துவிட்டான். ம்பெம்பா அப்போதுதான் பாலைக் காய்ச்சி முடித்திருந்தார். ஆறும்வரை காத்திருந்தால் கடைசித் தட்டும் கைவிட்டுப் போகும். ஃப்ரீசர் கெட்டாலும் கெடட்டும் என்று சூடான பாலையே உள்ளே வைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் அவருடைய தட்டு உறைந்திருந்தது. மற்றவனுடையது கெட்டியான திரவமாகத்தான் இருந்தது.

இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டார். “நீ குழம்பிவிட்டாய், அப்படி நடக்காது” என்று பதில் வந்தது. விடுமுறையில் டாங்கா நகரில் ஐஸ்கிரீம் செய்து விற்கும் நண்பர் ஒருவரைப் பார்த்தபோது, சூடாக வைத்தால் சீக்கிரம் உறையும் என்பது அந்தத் தொழிலில் தெரிந்த விஷயம் என்று தெரிந்தது. பிறகு இரிங்காவில் ம்க்வாவா மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு அதிகம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குளிரும் என்பது நியூட்டனின் குளிர்வு விதி. அங்கே அந்தப் பாடம் வந்தபோது மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். விடாமல் வாதாடியபோது, “இது ம்பெம்பாவின் இயற்பியல், உலகத்தின் இயற்பியல் இல்லை” என்றார் ஆசிரியர். அதன் பிறகு அவர் கணக்கில் தப்பு செய்தால்கூட “இது ம்பெம்பாவின் கணிதம்” என்று சொல்வது வகுப்பில் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் உயிரியல் ஆய்வகம் திறந்திருந்தது, ஆசிரியர் யாரும் இல்லை. இரண்டு சின்ன பீக்கர்களை எடுத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். இரண்டையும் அங்கிருந்த ஃப்ரிட்ஜின் உறையறையில் வைத்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டும் முழுதாக உறையவில்லை. ஆனால் வெந்நீர் ஊற்றிய பீக்கரில்தான் பனிக்கட்டி அதிகம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். பேச்சு முடிந்ததும் ம்பெம்பா கேட்ட கேள்வி இது: ஒரே மாதிரி இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு தண்ணீர், ஒன்று 35 டிகிரி, இன்னொன்று 100 டிகிரி, இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் 100 டிகிரியில் இருந்ததுதான் முதலில் உறைகிறது, ஏன்? ஆஸ்போர்ன் சிரித்தார், திரும்பச் சொல்லச் சொன்னார். “நீ செய்து பார்த்தாயா?” என்று கேட்டார். “பார்த்தேன்” என்றதும், “எனக்குத் தெரியவில்லை, ஊருக்குத் திரும்பியதும் செய்து பார்க்கிறேன்” என்றார். மறுநாள் சக மாணவர்கள் ம்பெம்பாவைத்தான் கடிந்துகொண்டார்கள்: எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய், நியூட்டன் விதி உனக்குப் புரிந்ததா என்று.

ஆஸ்போர்ன் பின்னால் எழுதியபோது, அந்தப் பையன் தவறாகச் சொல்கிறான் என்றுதான் தான் நினைத்ததாகச் சொல்கிறார். ஊருக்குப் போனதும் சோதனையை ஒரு ஆய்வக உதவியாளரிடம் கொடுத்தார். அவர் வந்து, வெந்நீர்தான் முதலில் உறைந்தது என்று சொல்லிவிட்டு, கூடவே, “ஆனால் சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம்” என்றும் சொன்னாராம். சரியான விடை எது என்பது எல்லோர் மனதிலும் அந்த அளவுக்கு உறுதியாக இருந்தது. திரும்பச் செய்தும் வெந்நீரே முந்தியது. 1969-இல் ம்பெம்பாவும் ஆஸ்போர்னும் சேர்ந்து ‘பிசிக்ஸ் எஜுகேஷன்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். முதல் பாதி ம்பெம்பா தன் குரலில் சொல்வது. அடுத்த பாதி ஆஸ்போர்னின் அளவீடுகள். இதுவரை நான் சொன்ன கதை எல்லாம் அந்தக் கட்டுரையில் இருப்பதுதான்.

இனி, அந்தப் பேராசிரியர் மனதில் இருந்த கருத்து என்ன, அது எங்கே ஆட்டம் கண்டது என்று பார்ப்போம். படித்தவர்கள் எல்லோரும் இதை மறுக்க ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள், கேட்கும்போது அசைக்க முடியாத மாதிரித் தெரியும். தாம்பரத்தில் கிளம்பும் ரயில் விழுப்புரம் போக வேண்டுமானால் செங்கல்பட்டைக் கடந்துதான் போக வேண்டும். அதே நேரத்தில் செங்கல்பட்டிலிருந்தே ஒரு ரயில் கிளம்பினால், தாம்பரம் ரயில் செங்கல்பட்டு வருவதற்குள் அது எவ்வளவோ தூரம் போயிருக்கும். செங்கல்பட்டுக்கு அப்புறம் இரண்டும் ஒரே வேகம் என்றால், பின்னால் வந்தது முந்துவதற்கு வழியே இல்லை. அதுபோல 100 டிகிரி தண்ணீர் எப்படியும் 35 டிகிரியைத் தொட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். தொடும் அந்த நொடியில் அது 35 டிகிரி தண்ணீர்தான். அப்புறம் அதற்கு ஆகும் நேரம், ஆரம்பத்திலேயே 35-இல் இருந்த தண்ணீருக்கு ஆன நேரமேதான். அதோடு 100-லிருந்து 35-க்கு வந்த நேரத்தையும் கூட்ட வேண்டும். ஆகவே நடக்காது.

இந்த வாதத்தில் ஓட்டை ஒரே இடத்தில்தான்: “அந்த நொடியில் அது 35 டிகிரி தண்ணீர்தான்” என்ற வரி. ஒரு பீக்கர் தண்ணீரின் நிலையை ஒரே ஒரு வெப்பநிலை எண்ணால் முழுவதும் சொல்லிவிட முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நியூட்டன் விதியைப் பாடத்தில் பயன்படுத்தும்போது அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம், கரண்டியால் நன்றாகக் கலக்கிக்கொண்டே இருக்கும் தண்ணீருக்கு அது சரி. கலக்காமல் விட்ட தண்ணீர் அப்படி இல்லை. கொதிநிலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீருக்குச் சராசரி 35 டிகிரி இருக்கும்போது, மேற்பரப்பு அதைவிடச் சூடாகவும் அடி குளிர்ச்சியாகவும் இருக்கும். உள்ளே சூடான நீர் மேலே போவதும் குளிர்ந்தது கீழே வருவதுமாக ஓட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும். கரைந்திருந்த காற்று வெளியேறியிருக்கும். பீக்கருக்குக் கீழே இருக்கும் பரப்பும் மாறியிருக்கலாம். வெப்பநிலை ஒன்று, நிலை வேறு. ம்பெம்பாவின் கேள்வி ஆஸ்போர்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் இதுதான்.

அவர் எப்படிச் சோதித்தார் என்பது கவனிக்க வேண்டியது. 100 மில்லி பீக்கர்களில் 70 மில்லி தண்ணீர். காற்று போவதற்காக எல்லாத் தண்ணீரையும் முன்பே கொதிக்கவைத்துவிட்டார். எனவே கரைந்த காற்றில் வேறுபாடு இல்லை. பீக்கரை நேராக ஃப்ரீசர் தரையில் வைக்காமல் தெர்மாகோல் போன்ற ஒரு நுரைத் தகட்டின் மேல் வைத்தார். இதனால் அடிவழியாக வெப்பம் போவது கிட்டத்தட்ட நின்றது. பிறகு வெவ்வேறு ஆரம்ப வெப்பநிலைகளில், உறைதல் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அதிக நேரம் ஆனது சுமார் 25 டிகிரியில் கிளம்பிய தண்ணீருக்கு. 90 டிகிரியை ஒட்டிக் கிளம்பியதற்கு அதைவிட வெகுவாகக் குறைந்த நேரம்தான் ஆனது.

ஆவியானதால் தண்ணீர் குறைந்துபோய், அதனால் சீக்கிரம் உறைந்ததா? இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிராம் தண்ணீர் 90-லிருந்து 25-க்கு வர, 65 டிகிரி இறங்க வேண்டும். ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு 4.2 ஜூல் என்றால், வெளியேற வேண்டிய வெப்பம் சுமார் 19,000 ஜூல். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2,400 ஜூலை எடுத்துக்கொண்டு போகும். மொத்த வெப்பமும் ஆவி வழியாகவே போனது என்று வைத்துக்கொண்டால்கூட, 8 கிராம்தான் குறையும். மீதி 62 கிராம். குறைந்தது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். நேரத்தில் கண்ட பெரிய வித்தியாசத்துக்கு இது போதாது. ஆஸ்போர்னும் ஆவியால் ஏற்பட்ட இழப்பு போதாது என்ற முடிவுக்குத்தான் வந்தார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் விட்டுப் பார்த்தபோது குளிர்வது மிகவும் தாமதமானது. அதாவது வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது. ஆகவே மேலே எப்போதும் சூடாக வைத்திருக்கும் உள்ஓட்டம்தான் காரணமாக இருக்கலாம் என்று சொன்னார். “இருக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெந்நீர் எப்போதும் முந்தும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அதே 1969-இல் கனடாவில் கெல் என்ற ஆய்வாளர் தனியாக இதைப் பற்றி எழுதினார், ஆவியாதல்தான் காரணம் என்று வாதாடினார். திறந்த மர வாளியில் நிறைய ஆவியாகும் நிலைமைக்கு அவர் கணக்கு பொருந்தும். ஆஸ்போர்னின் பீக்கருக்குப் பொருந்தாது. இதையெல்லாம் முதலில் கவனித்தது ம்பெம்பா என்றும் சொல்ல முடியாது. சூடாக்கிய தண்ணீர் சீக்கிரம் உறையும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பிரான்சிஸ் பேகன் 1620-இல், டேகார்ட் 1637-இல் இதே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். பாடப்புத்தகம் அதை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி சந்தேகமான பகுதி. இங்கேதான் உங்கள் வீட்டுச் சோதனை வருகிறது. “உறைந்தது” என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் 0 டிகிரியைத் தொடுவதா, முதல் பனித் துளிர் தோன்றுவதா, முழுதும் கட்டியாவதா? இந்த மூன்றுக்கும் மூன்று விடை வரும். 2016-இல் பர்ரிட்ஜ், லிண்டன் இருவரும் முதல் வகையை எடுத்துக்கொண்டு கவனமாக அளந்தார்கள். 0 டிகிரியைத் தொடுவதில் வெந்நீர் முந்துவதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். வெப்பமானியை இரண்டு பீக்கரிலும் ஒரே உயரத்தில் வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமாக வைத்தாலே இப்படி ஒரு விளைவு இருப்பதாகத் தோன்றிவிடும் என்றும் காட்டினார்கள். கலக்காத தண்ணீரில் மேலும் கீழும் பல டிகிரி வித்தியாசம் இருப்பதால் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அவர்கள் உறைதலை அளக்கவில்லை, குளிர்தலைத்தான் அளந்தார்கள். எனவே “ம்பெம்பா பொய் என்று நிரூபணம் ஆகிவிட்டது” என்று சொல்வது மிகை.

உறைதல் தொடங்குவதை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீர் 0 டிகிரிக்கு வந்ததும் உடனே உறைவதில்லை. உறையத் தொடங்க ஒரு தூசியோ, பாத்திரத்தில் ஒரு கீறலோ வேண்டும். இல்லாவிட்டால் -5, -8 வரைகூடத் திரவமாகவே கீழே போகும். ஃப்ரீசரில் மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துத் தட்டியதும் வாய்ப்பக்கத்திலிருந்து அடிவரை வெள்ளையாகப் பனி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடிவரை அது 0-க்குக் கீழே திரவமாக நின்ற தண்ணீர். இப்போது இரண்டு பீக்கர்களை நினைத்துப் பாருங்கள். பச்சைத்தண்ணீர் முதலில் 0-க்கு வந்தும் உறையாமல் -8 வரை இறங்குகிறது. வெந்நீர் தாமதமாக வந்தாலும் -2-லேயே உறையத் தொடங்குகிறது. முந்தியது வெந்நீர். ஆனால் அடுத்த முறை அதே பீக்கர்களை இடம் மாற்றினால் விடையும் மாறலாம், ஏனென்றால் காரணம் பாத்திரத்தின் கீறலில் இருக்கலாம். அவர்பாக் என்ற ஆய்வாளர் 1995-இல் இந்த மீகுளிர்வைக் காரணமாகச் சொன்னார். பிரௌன்ரிட்ஜ் 2011-இல் பல சோதனைகள் செய்து அதே திசையில்தான் போனார். வெந்நீர் பல முறை முந்தியதாகச் சொல்லும் பல வீட்டுச் சோதனைகளுக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

மகம்பா பள்ளி ஐஸ்கிரீமுக்கு மட்டும் எனக்கு வேறு சந்தேகம். அந்தக் காலத்து ஃப்ரீசர்களில் தரையெல்லாம் வெண்பனி படிந்திருக்கும். வெண்பனிக்குள் காற்று நிறைய இருப்பதால் அது வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. ஆறிய தட்டை அதன் மேல் வைத்தால் மெத்தை மேல் வைத்தது மாதிரி நிற்கும். சூடான தட்டு பனியை உருக்கிக்கொண்டு கீழே இறங்கி, குளிர்ந்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெப்பம் வேகமாகப் போகும். தவிர, ஒருவன் பால் காய்ச்சியது, மற்றவன் பால் காய்ச்சாதது. காய்ச்சியதில் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருக்கும். எனவே ஐஸ்கிரீமை மட்டும் வைத்துப் பார்த்தால் அது ஆதாரமாகாது. ம்பெம்பா பின்னால் வெறும் தண்ணீரில் செய்து பார்த்தது அதனால்தான் முக்கியம். ஆஸ்போர்ன் நுரைத் தகட்டைப் போட்டதும் இந்த வெண்பனிக் காரணத்தை வெளியே தள்ளிவிட்டது. அப்படியும் வெந்நீர் முந்தியதால்தான் அவருடைய அளவீடு இன்னும் பேசப்படுகிறது.

இது முடிந்துபோன விவகாரமும் இல்லை. 2012-இல் பிரிட்டனின் வேதியியல் சங்கம் விளக்கம் கேட்டுப் போட்டி வைத்தபோது 22,000-க்கும் மேல் பதில்கள் வந்தன. குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரைச் சேர்ந்த நிகோலா ப்ரெகோவிச் வென்றார், அவரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. 2020-இல் கனடாவில் குமார், பெக்ஹோஃபர் இருவரும் தண்ணீரை விட்டுவிட்டு, ஒரு நுண்ணிய மணியை ஒளியால் பிடித்து வைத்துக்கொண்டு, அதிக வெப்பநிலையிலிருந்து கிளம்பும் அமைப்பு சீக்கிரம் சமநிலைக்கு வர முடியும் என்று தெளிவாகக் காட்டினார்கள். ஆகவே “சூடானது எந்நாளும் முந்தாது” என்ற பொது விதி தவறு என்பது உறுதி. சமையலறைத் தண்ணீர் அந்த வகையில் சேர்கிறதா என்பது உறுதி இல்லை.

மறுபடி செய்து பார்ப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்கள், இரண்டிலும் கொதித்து ஆறிய அதே தண்ணீர், சமையல் தராசில் எடை போட்டு 70 கிராம். ஒன்றை அப்படியே விடுங்கள், இன்னொன்றில் மறுபடி சூடாக்கி ஊற்றி எடையைச் சரிசெய்யுங்கள். ஃப்ரீசரின் வெண்பனியை முழுதும் நீக்கிவிட்டு, தெர்மாகோல் துண்டின் மேல் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்: சூடானது பச்சைத்தண்ணீரையும் சூடாக்கும், ஃப்ரீசரின் மோட்டாரையும் அதிக நேரம் ஓடவைக்கும். தனித்தனி நாளில், ஒரே இடத்தில் வையுங்கள். முதல் பனி எப்போது தெரிகிறது, முழுதும் எப்போது உறைகிறது என்று இரண்டு நேரமும் குறியுங்கள். பிறகு டம்ளர்களை மாற்றிச் செய்யுங்கள். டம்ளரை மாற்றியதும் விடை மாறினால் நீங்கள் பார்த்தது மீகுளிர்வு. மாற்றியும் வெந்நீரே தொடர்ந்து முந்தினால், உறைந்த பின் மறுபடி எடை போட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். 70 கிராம் 60-க்குப் பக்கத்தில் வந்திருந்தால் அதில் ஒரு பங்கு ஆவியாதலால், எடை அவ்வளவாகக் குறையாவிட்டால் ஆஸ்போர்ன் சொன்ன உள்ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.